வலது காதுக்கு ஒரு மிக்சர்

2009 ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை சந்திரவதனா எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்து, சின்ன மிக்சர் ஒன்று இரவல் கிடைக்குமா என்று என் மனைவி லலிதாவிடம் கேட்டிருக்கிறாள். மிக்சரைப் போய் யாராவது இரவல் கேட்பார்களா என்று லலிதா ஒரு கணம் யோசித்திருக்கிறாள். பிறகு, வீட்டுக்குத் திடீரென்று ஆட்கள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம், என்று கடலையும் ஓமப்பொடியும் கலந்த ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து நிமிடம் கழித்து வதனா அதே பையோடு எங்கள் கதவடியில் நின்றாள்.

"உது இல்லை அக்கா. அண்ணை ஹோலுக்குக் கொண்டு போறது. திருகுற பட்டன் எல்லாம் இருக்குமே, அந்த மிக்சர்."

அந்த அண்ணை நான்தான். பெயர் அகஸ்ரின். கிழமை நாட்களில் காருக்குக் கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறில் கனடாவின் ஸ்காபரோ ஹோல்களில் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுகிறவன். மைக், ஸ்பீக்கர், மிக்சர் என்று இருபத்திரண்டு வருடமாக இந்த வயர்களோடுதான் மாரடிக்கிறேன். அந்த வருடம் மே மாதத்தோடு கொண்டாட்டம் எல்லாம் நின்றுபோனது. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது என்று கேள்விப்பட்ட பிறகு யார் ஹோல் எடுப்பார்கள்? வைத்திருந்த கலியாணங்களையும் தள்ளிப் போட்டார்கள். பெரிய சாமான்கள் யூனிவேர்சிற்றி அவெனியூவில் சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் கிழிந்து திரும்பி வந்தன. சின்ன மிக்சர் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

"எதுக்குப் பிள்ளை?" என்று கேட்டேன்.

"கேம் விளையாட."

எனக்கு உச்சிக்கு ஏறியது. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தில் மட்டும் பதினொரு தமிழ்க் குடும்பம். பதினொன்றும் செத்தவீடு மாதிரிக் கிடக்கிற மாதத்தில், முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கேம் கேட்கிறதா என்று வாய்க்குள் வந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். வதனா கோபிக்கவில்லை. மிக்சர் பையை லலிதாவின் கையில் கொடுத்துவிட்டு, "ஓம் அண்ணை, விளையாடத்தான். தருவியளோ மாட்டியளோ?" என்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவள் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வராமல் அசையமாட்டாள். 1998இல் வந்து இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் மாமன் வீட்டு வரவேற்பறையில் படுத்து எழும்பிய காலத்தில், உதவி அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பினார்களாம். அவளுக்கு இடது காது கேட்காது. எழுதிய பெண் தானாகவே "யுத்தக் காயம்" என்று போட்டுவிட்டாள். அதைப் போட்டால் அகதிக் கேஸுக்கு நல்லது என்று மாமனும் கண்ணைக் காட்டினார். வதனா பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டு, ஏழு வயதில் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்து போன காது என்று எழுதச் சொன்னாள். ஷெல்லுக்கும் தன் காதுக்கும் சம்பந்தமில்லை, ஷெல்லில் காது போனவர்கள் வேறே இருக்கிறார்கள் என்றாளாம். மாமன் ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வெக்ஸ்போர்ட்டுக்கு வந்த பிறகு ஒரு கோப்பிக் கடையில் விடிய ஐந்து மணி ஷிப்ட். காரில் வருகிறவர்களின் ஓடரை ஒற்றைக் காதில் ஹெட்செட் மாட்டிக் கேட்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரு காது போதும், மற்றது கோப்பி இறக்கிற சத்தத்தைக் கேட்காமல் இருப்பது இன்னும் வசதி என்பாள். கலியாணம் கட்டவில்லை. யாராவது சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தால், எந்தப் பக்கம் இருந்து கதைத்தாலும் கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். லலிதா தேத்தண்ணி போட்டாள். அதற்குப் பிறகுதான் காரணத்தைச் சொன்னாள்.

வதனாவுக்கு இரண்டு சகோதரங்கள். மூத்தவர், அவள் பெரியண்ணை என்கிறவர், மனைவி பிள்ளைகளோடு வன்னியில். கடைசித் தம்பி மகேஸ்வரன் பாரிஸில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் சமையல் வேலை. மே மாதம் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு பெரியண்ணையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாம் பட்டியல்களில் பெயர் இல்லை. கடைசியாக அவர் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் அழைத்தது மகேஸைத்தான். அந்த அழைப்பில் என்ன நடந்தது என்று மகேஸ் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றோடு போனையே கையில் எடுப்பதை விட்டுவிட்டான். வதனா நாளுக்கு நாலு முறை அடிப்பாள். அடித்து அடித்து நிற்கும்.

"ஆனா கேமுக்கு வாறான் அண்ணை. ஞாயிறும் திங்களும் அவனுக்கு லீவு. எங்கட மூண்டு மணி, அவனுக்கு இரவு ஒன்பது. அதுக்கு மட்டும் வந்திடுவான்."

முந்தின மார்கழி நத்தாருக்கு அவளே ஒரு கேம் பெட்டி வாங்கி, அதே மாதிரி ஒன்றை அவனுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கூடக் கோப்பிக் கடையில் வேலை செய்யும் புத்தளத்துப் பொடியன் ஸுஹைப்பும் சேர, மூன்று பேரும் இன்ரநெற்றில் ஒன்றாக விளையாடுவார்கள். முதலில் சிப்பாய்கள் சுடுகிற ஒரு கேம். மே மாதத்துக்குப் பிறகு மகேஸ் துவக்குச் சத்தம் வேண்டாம் என்றான். அதனால் பனிக்காட்டைக் கடக்கிற ஒரு கேமுக்கு மாறினார்கள். இருட்டுக்குள் மிருகங்கள் பின்னால் வரும். கண்ணுக்குத் தெரியாது, கால் சத்தத்தை வைத்துத்தான் திரும்பிக் குத்த வேண்டும்.

பெட்டிக்குள்ளேயே கதைக்கலாம், ஆனால் ஆட்டம் முடிந்தவுடன் பேச்சும் அறுந்துவிடும். மகேஸ் இரண்டொரு சொல் கதைப்பதே ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில்தான். ஆகவே மூன்று பேரும் பக்கத்தில் லப்ரொப்பை வைத்து அதில் ஒரு கூட்டு அழைப்பைத் திறந்து வைத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த இங்கிலிஷ் பெயர் "பாட்டி". சோறுமில்லை, சாராயமுமில்லை, அதென்ன பாட்டி என்று கேட்டேன். வதனா சிரிக்கவில்லை.

அவளுக்கு வந்த கஷ்டம் இதுதான். மிருகத்தின் கால் சத்தம் ரீவியில். தம்பியின் குரல் லப்ரொப் ஹெட்செட்டில். இரண்டு காது உள்ளவர்கள் ஒன்றில் ஹெட்செட்டை மாட்டி மற்றதால் ரீவியைக் கேட்பார்கள். அவளுக்கு இருப்பதே ஒன்று. ஹெட்செட்டைப் போட்டால் மிருகம் வருவது கேட்காது, எடுத்தால் தம்பி சொல்வது கேட்காது. மகேஸ் இன்னும் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறான், அவர்கள் நித்திரை என்று குசுகுசுப்பாகத்தான் கதைப்பான். போன திங்கள் ஒரே ஆட்டத்தில் அவள் ஆறு தரம் செத்தாள். தம்பி இரண்டு தரம் ஏதோ கேட்டதற்கு இவள் பதிலே சொல்லவில்லையாம். கடைசியில் அவன், "உனக்கு ஒண்டும் கேக்குதில்லை அக்கா. இந்தக் கிழமையோட விடுவம்" என்றிருக்கிறான்.

"அவன் இதையும் விட்டால் எனக்கு அவன்ர குரல் இல்லை அண்ணை," என்றாள். "ரெண்டு சத்தமும் ஒரு காதுக்க வரவேணும். நாளைக்கு மூண்டு மணிக்கு முதல்."

நான் ஏன் அவளை ஏசினேன் என்று வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் எனக்கு வீரமும் சேர்ந்து வரும். "உது எனக்கு அஞ்சு நிமிச வேலை" என்றேன்.

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து, இரண்டு மணிக்கு மிக்சர், வயர்ப் பெட்டி, ஒரு மைக், மைக் ஸ்ராண்ட் எல்லாவற்றோடும் அவள் வீட்டுக்கு இறங்கினேன். கேம் பெட்டியில் இருந்து ரீவிக்கு மூன்று வயர் போகிறது. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சளை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ரீவியில் இருந்து கழற்றி, வயர் முனையில் வேறு தலைப்புப் பூட்டி மிக்சரில் முதலாம், இரண்டாம் சனலில் செருகினேன். சிவப்பு வலது பக்கச் சத்தம், வெள்ளை இடது பக்கச் சத்தம். சாதாரணமாக அப்படியே வலதுக்கும் இடதுக்கும் விடுவோம். இவளுக்கு அது உதவாது, இடப்பக்கத்தால் வருகிற மிருகம் கேட்காத காதுக்குள் போய்விடும். ஆகவே இரண்டு சனலிலும் பக்கம் திருப்புகிற பட்டனை முழுக்க வலதுக்குத் திருகினேன். காட்டின் இரண்டு பக்கமும் ஒரு காதுக்குள் வந்துவிட்டது. லப்ரொப்பின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து ஒரு வயர் எடுத்து மூன்றாம் சனலில் கொடுத்து அதையும் வலதுக்குத் திருப்பினேன். அவளுடைய ஹெட்செட்டின் பச்சை வயரைப் பெரிய தலைப்புப் போட்டு மிக்சரின் ஹெட்போன் ஓட்டையில் செருகினேன். இதுவரை நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, அதை நான் யாரிடமும் சொல்வேன்.

பிறகுதான் என் ஹோல் புத்தி வேலை செய்தது. அவளுடைய ஹெட்செட்டில் ஈர்க்குக் குச்சி மாதிரி ஒரு மைக் வளைந்து நின்றது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டும்போது ஐயருக்கு முன்னால் வைக்கிற மைக்கை ஸ்ராண்டில் பூட்டி, அவள் வாய்க்கு நேரே வைத்து, நாலாம் சனலில் கொடுத்தேன். மிக்சரின் மெயின் அவுட்டில் இருந்து லப்ரொப்பின் மைக் ஓட்டைக்கு ஒரு வயர் இழுத்தேன். ஹோலில் எல்லாம் மிக்சருக்குள் போகும், எல்லாம் மெயினால் வெளியே வரும். அதுதான் என் வேதம்.

வதனா ஹெட்செட்டை மாட்டினாள். கேம் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன், லப்ரொப் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். காற்று ஊளையிடுவதும் பனிக்குள் கால் புதைவதும் கேட்கிறது என்றாள். லப்ரொப்பில் ஒரு பாட்டைப் போட்டேன், அதுவும் கேட்கிறது என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் கதிரையில் சாய்ந்து இருந்து கொண்டேன்.

மூன்று மணிக்கு மகேஸ் பாட்டிக்குள் வந்தான். ஸுஹைப்புக்கு வேலை முடியவில்லை, பிந்தி வருவான்.

"தம்பி, இப்ப எனக்கு எல்லாம் கேக்குது," என்றாள் வதனா. "நீ கதை."

அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். அவள் முகம் சுருங்கியது. "என்ன? என்ன திரும்பி வருது?" என்றாள். மறுபடி கேட்டாள். பிறகு, "மகேஸ், மகேஸ்" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். லப்ரொப்பில் அவன் பெயருக்குப் பக்கத்து விளக்கு அணைந்துவிட்டது. ரீவியில் பனிக்காட்டுக்குள் அவளுடைய ஆள் தனியே நின்றது.

"தன்ர குரல் தனக்கே திரும்பி வருது எண்டான் அண்ணை. அவ்வளவுதான். வைச்சிட்டான்."

நான் உடனே லப்ரொப்பில் பிழை சொன்னேன். லைனில் பிழை சொன்னேன். பாரிஸில் பிழை சொன்னேன். வயரைக் கழற்றித் திரும்பப் போட்டேன். வதனா போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. அடுத்த நாள் திங்களும் அவன் வரவில்லை. ஸுஹைப் மட்டும் வந்து, தனக்கும் தன் குரல் அரைச் செக்கன் கழித்துத் திரும்பி வருகிறது, கூடவே அக்காவின் வீட்டு நரி ஊளையும் கேட்கிறது என்றிருக்கிறான்.

உதவி செய்யப் போய் இருந்த ஒரே நூலையும் அறுத்துவிட்டு வந்தேனே என்று லலிதாவிடம் புலம்பினேன். லலிதா, "நீங்கள் ஐயற்ற மைக்கைக் கொண்டு போகேக்கையே நினைச்சனான்" என்றாள். என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை.

புதன் பின்னேரம் வதனா வேலை உடுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கோப்பிக் கடை ரிசீற் ஒன்று. அதன் பின்பக்கம் முழுக்கக் கோடுகள் கீறியிருந்தாள். மிக்சருக்கு ஒரு பெட்டி, லப்ரொப்புக்கு ஒரு பெட்டி, தம்பிக்கு ஒரு வட்டம்.

"அண்ணை, நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. உங்கட மெயின் அவுட்டால என்ன போகும்?"

"எல்லாம் போகும்."

"என்ர குரல்?"

"போகும்."

"காட்டுச் சத்தம்?"

"அதுவும் போகும்."

"மூண்டாம் சனலில வாற தம்பியின்ர குரல்?"

லப்ரொப்பில் இருந்து அவன் குரலை மிக்சருக்குள் எடுத்ததும் நான்தான், அதையே மெயினால் லப்ரொப்புக்குத் திருப்பி அனுப்பியதும் நான்தான். இங்கே வந்து சேர்ந்த குரல் ஒரு சுற்றுச் சுற்றிப் பாரிஸுக்கே போய்விட்டது. ஹோலில் எல்லாருக்கும் எல்லாம் கேட்க வேண்டும். இவர்களுடைய பாட்டியில் ஒவ்வொருவருக்கும் தன் குரலைத் தவிர மற்றதெல்லாம் கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு ஹோலுக்கு நான் சவுண்ட் போட்டதில்லை.

"அப்ப மைக்குக்கு மிக்சர் தேவையில்லை," என்றாள் வதனா. "என்ர ஹெட்செட்டில ரெண்டு வயர் இருக்கு. பச்சை மிக்சருக்கு. றோஸ் நேர லப்ரொப்புக்கு. மெயினில ஒண்டும் குத்தக் கூடாது. நான் கேக்கிறது மிக்சரால, அவன் கேக்கிறது லப்ரொப்பால. ரெண்டும் சந்திக்கக் கூடாது. சரியோ?"

"சரி," என்றேன். "ஆனா அந்த ஈர்க்கு மைக்..."

"ஈர்க்கு போதும் அண்ணை."

அன்றைக்கே இறங்கிப் போய் மாற்றினோம். என் மைக்கும் ஸ்ராண்டும் மூலைக்குப் போயின. இப்போது வேறொரு தொல்லை. அவள் காதுக்குள் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல், அடுத்த அறையில் குளிர்ப்பெட்டி ஓடுகிற மாதிரி. இதற்காவது நான் தேவைப்பட்டேன். லப்ரொப்பின் சார்ஜரை இழுத்தேன், இரைச்சல் நின்றது. செருகினேன், வந்தது. ரீவி, கேம் பெட்டி, லப்ரொப், மிக்சர் எல்லாம் வயரால் கட்டுப்பட்டிருக்கும்போது இரண்டு இடத்தால் எர்த் கிடைத்தால் இப்படித்தான் இரையும். பற்றரியில் இரண்டு மணித்தியாலம் ஓடும் என்றாள். முதலே நிரப்பி வைத்துவிட்டு, விளையாடும்போது சார்ஜரைக் கழற்றச் சொன்னேன். அந்த வேலையை அவள் ஒரு தாளில் எழுதி லப்ரொப்பின் மூடியில் ஒட்டினாள்.

ஸுஹைப்பை அழைத்துப் பரிசோதித்தாள்.

"உனக்கு என்னென்ன கேக்குது?"

"உங்கட குரல் மட்டுந்தான் அக்கா," என்றான் அவன். எனக்குக் கேட்கட்டும் என்று அவள் ஏற்கெனவே ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் பிடித்திருந்தாள்.

"நரி?"

"நரியில்ல. நானுமில்ல."

மகேஸுக்கு அவள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: குரல் திரும்பி வராது, சரிசெய்துவிட்டேன், வா. பதில் இல்லை. ஞாயிறு மூன்று மணிக்கு ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு பாட்டியைத் திறந்து வைத்தாள். அவன் வரவில்லை. திங்களும் வரவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த திங்கள். கடையில் ஞாயிறு பின்னேரம் கூடுதல் ஷிப்ட் கொடுத்தார்கள், மாட்டேன் என்றாள். ஸுஹைப், அக்கா நாங்கள் இரண்டு பேரும் விளையாடுவோம், சும்மா ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்டானாம். அவன் வந்து பார்க்கிற நேரம் நாங்கள் ஆட்டத்தின் நடுவில் இருந்தால் திரும்பிப் போய்விடுவான் என்று சொல்லிவிட்டாள். ஐந்து மணிவரை அந்தக் காட்டின் வாசலில் அவளுடைய ஆள் நின்றுகொண்டே இருக்கும். அவளிடம் சோர்வைக் காணவில்லை. "வாறதுக்கு ஒரு இடம் திறந்திருக்க வேணும் அண்ணை" என்பாள்.

ஆவணியில் மெல்ல மெல்லக் கலியாணங்கள் தொடங்கின. எனக்கு ஒரு சனிக்கிழமை றிச்மண்ட் ஹில்லில் வேலை வந்தது, சின்ன ஹோல், அதற்குச் சின்ன மிக்சர்தான் வேண்டும். கேட்க மனமில்லாமல் திங்கள் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. வதனா ரீவிக்கு முன்னால் இருந்தாள். கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்று மறித்தாள்.

ரீவியில் பனிக்காட்டுக்குள் மூன்று ஆட்கள் நடந்தார்கள்.

எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. "ஓம், பின்னால வருது." "நீ போ, நான் பாக்கிறன்." "இப்ப இடப்பக்கத்தால, கேக்குது." அவளுடைய ஆள் திரும்பி ஒரு மிருகத்தைக் குத்தியது. இன்னொன்றைக் குத்தியது. ஆறு தரம் செத்தவள் என்று சொல்லமாட்டீர்கள். நான் சத்தமில்லாமல் கதிரையில் இருந்தேன். மிக்சரில் சத்தத்தின் அளவு காட்டுகிற பச்சை விளக்குகள் காட்டின் சத்தத்துக்கு ஏறி இறங்கின.

சிறிது நேரத்தில் அவள் தலையைச் சரித்தாள். "ஸுஹைப், கொஞ்சம் பொறு," என்றாள். பிறகு ஒரு கையை நீட்டி, முதலாம் சனலையும் இரண்டாம் சனலையும் பூச்சியத்துக்குத் திருகினாள்.

காடு அவளுக்கு ஊமையாகிவிட்டது. இப்போது விளக்கு எரிந்தால் அது லப்ரொப்பில் இருந்து வருகிற குரல்தான். ஒரு பச்சை எரிந்தது, நின்றது. எரிந்தது. மிகவும் மெல்லக் கதைக்கிறான் என்று தெரிந்தது. அவள் மூன்றாம் சனலைக் கொஞ்சம் கூட்டினாள். ரீவியில் ஒரு மிருகம் பின்னால் வந்து அவளுடைய ஆளை விழுத்தியது. அவள் பார்க்கவேயில்லை. மற்ற இரண்டு பேரும் அசையாமல் பனிக்குள் நின்றார்கள்.

"ஓம்," என்றாள். நெடுநேரம் கழித்து இன்னொரு தரம், "ஓம் தம்பி."

பிறகு அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கண்ணால் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் நேராக இருந்தது.

"பெரியண்ணை எடுத்த அந்தப் போன் கோல். இவன் 'அண்ணை, நான் மகேஸ் கதைக்கிறன், நான் மகேஸ்' எண்டு கத்தியிருக்கிறான். அங்கால இருந்து ஒண்டும் இல்லையாம். இவன்ர குரல்தான் திரும்பித் திரும்பி வந்ததாம். பிறகு கட்டாகிட்டுது. தம்பி போனை எடுத்தான் எண்டே தெரியாமல் அண்ணை போயிட்டார் எண்டு இருக்கிறான். அதாலதான் அண்டைக்கு..." என்று நிறுத்தினாள். அன்றைக்கு என் மெயின் அவுட் அவனுக்கு என்ன செய்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை," என்றாள் வதனா. "அண்டைக்கு அவன்ர குரல் இஞ்ச வந்து, மிக்சருக்க போய்த்தானே திரும்பிப் போனது? இஞ்ச வந்து சேராமல் திரும்பியிராது. அப்ப அந்தப் போனிலயும் அப்பிடித்தானே? அவன்ர குரல் பெரியண்ணையின்ர போன்வரைக்கும் போய்ச் சேர்ந்தபடியாத்தானே திரும்பி வந்தது?"

போனில் குரல் எங்கே இருந்தும் திரும்பலாம். மறுமுனைப் போனில் இருந்து திரும்பலாம். அதற்கு முன்னால் ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்சில், வழியிலேயே முட்டித் திரும்பலாம். எது என்று இங்கே இருந்து யாராலும் சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியும். படிவத்தில் ஒரு பொய்யை வெட்டி எழுதியவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். "போய்ச் சேர்ந்திருக்கு."

அவள் ஒரு கணம் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மைக்கில் இருந்து கையை எடுத்தாள்.

"பெரியண்ணைக்கு உன்ர குரல் கேட்டிருக்கு தம்பி. நீ எடுத்தனி எண்டு அவருக்குத் தெரியும். நான் சும்மா சொல்லேல்லை. இஞ்ச அகஸ்ரின் அண்ணை இருக்கிறார், இருபத்திரண்டு வருசமா இதே வேலை. அவர்தான் சொல்லுறார்."